570 சொற்கள் பிறந்த கதை

சிங்கப்பூரில் அன்று நான்யாங் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. சீன வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. அங்கே கணக்கியல், வணிக நிர்வாகம், பொருளியல் படித்த 50 மாணவர்களிடம் லின் என்ற ஆய்வாளர் அவர்களுடைய ஆங்கிலப் பாடப்புத்தகங்களைக் கேட்டு வாங்கினார். 52 புத்தகங்களும், வகுப்பில் கொடுத்த 4 தாள்தொகுப்புகளும் சேர்ந்தன. அச்சிட்ட வரிகளை விட்டுவிட்டு, அந்த வரிகளுக்கு மேலே மாணவர்கள் கையால் எழுதிவைத்திருந்த பொருள்களை மட்டும் அவர் பார்த்தார். எந்தச் சொல்லுக்கு மேலே பேனா ஓடியிருக்கிறதோ அந்தச் சொல்லைக் குறித்துக்கொண்டார். கணினி உதவி எதுவும் இல்லாமல், கையாலேயே இப்படி 10,000 குறிப்புகளை எடுத்தார்.

1973-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 197 சொற்குடும்பங்கள் இருந்தன. அதிகம் குறிக்கப்பட்ட சொல் 39 தடவை வந்திருந்தது. 6 தடவைக்கும் குறைவாக வந்தவற்றை அவர் சேர்க்கவில்லை.

இன்று முதலாமாண்டு மாணவர்களின் கையில் கொடுக்கப்படும் ‘அகாடமிக் வேர்டு லிஸ்ட்’ பிறந்த கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஹைப்பாதெசிஸ், அனலைஸ், இம்ப்ளை என்று வரிசையாக நிற்கும் அந்தச் சொற்களை மாணவர்கள் பெரும்பாலும் ஒரு மனப்பாடப் பாடமாகவே சந்திக்கிறார்கள். ஆனால் இப்படிப்பட்ட சொற்கள் தனி ஒரு கூட்டம் என்பதற்கு வலுவான சாட்சிகளில் ஒன்று, தடுமாறிய மாணவர்களின் கைக்குறிப்புகளிலிருந்தே வந்தது. வரிக்கு மேலே பொருள் எழுதிப் படிக்கும் பழக்கம் நம்மூரில் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கும் உண்டு. அந்த எழுத்துகளை ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார் என்பதே பெரிய விஷயம்.

அந்தக் குறிப்புகள் சொன்னது என்ன? பள்ளியிலேயே பழகிய சாதாரண ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் எழுதத் தேவையில்லை. துறைக்கே உரிய கலைச்சொற்களைப் பாடப்புத்தகமே வரையறுத்துவிடும். தேய்மானம் என்றால் என்ன என்று கணக்கியல் ஆசிரியர் ஒரு வகுப்பு முழுக்க விளக்குவார், தேர்விலும் கேட்பார். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கூட்டம் இருக்கிறது. எல்லாத் துறை நூல்களிலும் வரும், எந்தத் துறை ஆசிரியரும் நிறுத்தி விளக்க மாட்டார். ‘இந்தத் தரவு இதை இம்ப்ளை செய்கிறது’ என்று சொல்லிவிட்டு அவர் தரவுக்குள் போய்விடுவார். இம்ப்ளை என்றால் என்னவென்று தெரியாத மாணவர் அங்கேயே நின்றுவிடுவார்.

லின்னுக்கு ஏறக்குறைய அதே காலத்தில் வேறு சிலர் வேறு வழிகளில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். நியூசிலாந்தில் கேம்பியன், எல்லி என்ற இருவர், வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்களால் அங்கே பல்கலைக்கழகப் படிப்பைத் தாக்குப்பிடிக்க முடியுமா என்று அறிய விரும்பினார்கள். 23 பாடநூல்கள், 19 விரிவுரைகள், சில தேர்வுத்தாள்கள் ஆகியவற்றிலிருந்து சுமார் 3 லட்சம் சொற்களை எடுத்து எண்ணி, 1971-இல் ஒரு பட்டியல் போட்டார்கள். பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்து முதலாமாண்டுப் பாடநூல்கள் 10-ஐ எடுத்து எண்ணிய பிரானின்ஸ்காஸின் பட்டியல் 1972-இல் வந்தது. 1979-இல் கடெஸ்ஸி என்பவர் வேதியியல், உயிரியல், இயற்பியல் புத்தகங்கள் 20-இல் மாணவர்கள் பொருள் எழுதியிருந்த சொற்களை லின்னைப் போலவே கையால் குறித்தார்.

இரண்டு பட்டியல்கள் அச்சிட்ட சொற்களை எண்ணிப் பிறந்தன. இரண்டு பட்டியல்கள் மாணவர்களின் தடுமாற்றத்தை எண்ணிப் பிறந்தன. ஒருவர் கையில் வணிகவியல் புத்தகம், இன்னொருவர் கையில் வேதியியல் புத்தகம். ஊர்களும் வேறு வேறு. அப்படியிருந்தும் நான்கு பட்டியல்களிலும் பெருமளவு அதே சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன.

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரிலுள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தில் பால் நேஷன் என்ற சொல்லறிவு ஆய்வாளரும் ஷுவே என்ற சீன ஆய்வாளரும் இந்த நான்கையும் ஒன்றாக்கி, 1984-இல் 836 சொற்குடும்பங்கள் கொண்ட ‘யுனிவர்சிட்டி வேர்டு லிஸ்ட்’டை வெளியிட்டார்கள். பல ஆண்டுகள் ஆங்கில ஆசிரியர்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள். அதன் குறையும் அதன் பிறப்பிலேயே இருந்தது. நான்கு பட்டியல்களுக்கும் எடுத்துக்கொண்ட நூல்களின் அளவு சிறியது. ஒருவர் விதித்த விதி மற்றவருடையது அல்ல. அதனால் ஒரு சொல் ஏன் உள்ளே இருக்கிறது, இன்னொன்று ஏன் வெளியே இருக்கிறது என்று கேட்டால் ஒரே மாதிரியான பதில் கிடைக்கவில்லை.

அந்தப் பதிலுக்காகத்தான் அதே பல்கலைக்கழகத்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் வேலையை அடியிலிருந்து மறுபடி தொடங்கினார். அது அவருடைய முதுகலை ஆய்வு. 1998-இல் முடித்தார். 2000-ஆம் ஆண்டில் ‘டெசால் குவார்ட்டர்லி’ இதழில் அது கட்டுரையாக வந்தது.

முதலில் அவர் எண்ணுவதற்கான நூல்களைத் திரட்டினார். 414 கல்வி நூல்கள், கட்டுரைகள், பாடப்பகுதிகள். மொத்தம் சுமார் 35 லட்சம் சொற்கள். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்று நான்கு பெரும்பிரிவுகள். ஒவ்வொரு பிரிவுக்கும் சுமார் 8,75,000 சொற்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஏழு பாடங்கள். ஆக 28 பாடங்கள், ஒரு பாடத்துக்குச் சுமார் 1,25,000 சொற்கள். இந்தச் சமநிலைதான் வேலையின் உயிர். அறிவியல் நூல்களை மட்டும் மலையாகக் குவித்திருந்தால் அறிவியலில் அடிக்கடி வரும் சொல்லெல்லாம் பொதுக் கல்விச் சொல் என்று வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே வந்திருக்கும். நூல்களின் கடைசியில் வரும் நூற்பட்டியல்களையும் நீக்கிவிட்டுத்தான் எண்ணினார்.

பிறகு ஒவ்வொரு சொல்லையும் மூன்று சல்லடைகளில் இட்டார். முதல் சல்லடை: சொல் மைக்கேல் வெஸ்ட்டின் பொதுச்சொல் பட்டியலில் இருக்கக் கூடாது. வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தவர். வங்காளப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும்போது, எந்தச் சொற்களை முதலில் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வியை அவர் வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் சுமார் 2,000 சொற்குடும்பங்களைத் தொகுத்த அவருடைய நூல் 1953-இல் வந்தது. அந்த 2,000-ஐ மாணவர் ஏற்கெனவே அறிந்திருப்பார் என்று காக்ஸ்ஹெட் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது, பரவல். நான்கு பெரும்பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 தடவையாவது வர வேண்டும். 28 பாடங்களில் குறைந்தது 15-இலாவது தலைகாட்ட வேண்டும். மூன்றாவது, அடர்வு. மொத்தத்தில் குறைந்தது 100 தடவை வர வேண்டும்.

இரண்டாவது சல்லடையின் கண்ணியில்தான் பெரும் வடிகட்டல் நடக்கிறது. வாதியைக் குறிக்கும் பிளெயின்டிஃப் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டநூல்களில் அது பக்கத்துக்குப் பக்கம் வரும், 100-ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆனால் நிலவியலிலோ கணிதத்திலோ அதற்கு வேலை இல்லை. குரோமோசோமுக்கும் இதே கதிதான். ஹைப்பாதெசிஸ் அப்படியல்ல. உளவியல் சோதனை அறிக்கையிலும் அது வரும், பொருளியல் கட்டுரையிலும் வரும், உயிரியலிலும் வரும், ‘ஹைப்பாதெட்டிகல்’ என்ற வடிவில் சட்ட விவாதத்திலும் வரும். அதனால் உள்ளே வந்தது.

‘ஹைப்பாதெட்டிகல்’ ஹைப்பாதெசிஸோடு சேர்த்து எண்ணப்பட்டதைக் கவனியுங்கள். காக்ஸ்ஹெட் எண்ணியது சொற்குடும்பங்களை. அனலைஸ், அனாலிசிஸ், அனலிஸ்ட், அனலிட்டிகல் எல்லாம் ஒரே குடும்பம், ஒரே கணக்கு. ஒரு வேரைப் பிடித்தால் மற்றவை தானாகக் கைக்கு வரும் என்ற நம்பிக்கை இதன் பின்னால் இருக்கிறது. படிக்கும்போது அது பெரும்பாலும் பலிக்கும். எழுதும்போது அவ்வளவு சுலபமாகப் பலிக்காது. அனலைஸ் என்ற வினையைச் சரியாக எழுதும் மாணவர் அனலிட்டிகல் என்ற அடையை எங்கே வைப்பது என்று திணறுவதை ஆங்கிலம் கற்பிக்கும் எவரும் பார்த்திருப்பார்கள்.

இம்ப்ளை விஷயத்தில் இன்னொரு வினோதம் இருக்கிறது. இம்ப்ளிகேஷன் என்ற சொல் இம்ப்ளையின் பிள்ளை என்றுதான் எவரும் நினைப்பார். பட்டியலில் அப்படி இல்லை. இம்ப்ளை, இம்ப்ளைட், இம்ப்ளையிங் ஒரு குடும்பம். இம்ப்ளிகேட் என்ற வினையும் இம்ப்ளிகேஷனும் இன்னொரு குடும்பம். மறைபொருளாக நிற்பதைச் சொல்லும் இம்ப்ளிசிட் மூன்றாவது குடும்பம். குடும்பங்களைச் சொல்லின் வடிவத்தை வைத்துப் பிரித்ததால் வந்த விளைவு இது. குற்றத்தில் ஒருவரைச் சம்பந்தப்படுத்துவதற்கு இம்ப்ளிகேட் வரும். ஒரு முடிவிலிருந்து மேற்கொண்டு என்ன பின்விளைவு வரும் என்பதற்கு இம்ப்ளிகேஷன் வரும். கல்விக் கட்டுரையில் அந்தக் குடும்பத்தில் அதிகம் வருவது இம்ப்ளிகேஷன்ஸ் என்ற பன்மைதான். பட்டியலில் இம்ப்ளிகேட் என்ற தலைப்பை மட்டும் பார்த்துப் பொருள் மனப்பாடம் செய்த மாணவர், கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு மிகவும் வேண்டிய சொல்லைத் தவறவிட்டுவிடுவார்.

மூன்று சல்லடையும் தாண்டி நின்ற 570 குடும்பங்கள்தான் ‘அகாடமிக் வேர்டு லிஸ்ட்’. எந்த அளவுக்கு அடிக்கடி வருகின்றன என்ற வரிசையில் அவற்றைப் பத்து உட்பட்டியல்களாகப் பிரித்தார். முதல் ஒன்பதில் 60 வீதம், கடைசியில் 30. அனலைஸ் முதல் உட்பட்டியலிலேயே இருக்கிறது. இம்ப்ளை மூன்றாவதில், ஹைப்பாதெசிஸ் நான்காவதில்.

இந்த 570 குடும்பங்களும் சேர்ந்து அவர் திரட்டிய கல்வி நூல்களில் 10 விழுக்காடு இடத்தைப் பிடித்தன. அதே அளவு கதை நூல்களில் தேடியபோது வெறும் 1.4 விழுக்காடு. பக்கத்துக்கு 300 சொல் என்று வைத்தால், பாடநூலில் பக்கத்துக்கு 30 சொல் இந்தக் கூட்டத்திலிருந்து வருகிறது, நாவலில் 4. ‘நிறைய ஆங்கில நாவல் படி, கட்டுரை தானாக வரும்’ என்ற பழைய அறிவுரை ஏன் முழுசாக உதவுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விடையை நான் கண்டதில்லை. தான் எண்ணிய நூல்களுக்கு மட்டும் பொருந்தும் பட்டியலோ என்று, 6,78,000 சொற்கள் கொண்ட வேறொரு கல்வித் தொகுப்பிலும் அவர் சோதித்தார். அங்கேயும் 8.5 விழுக்காடு கிடைத்தது.

இந்தப் பத்து விழுக்காடு எல்லாச் சொற்களுக்கும் சமமாகப் பிரியவில்லை. முதல் உட்பட்டியலின் 60 குடும்பங்கள் மட்டுமே 3.6 விழுக்காட்டை எடுத்துக்கொள்கின்றன. அதாவது பாடநூலில் ஏறக்குறைய 28 சொல்லுக்கு ஒன்று. மயிரிழையில் உள்ளே வந்த சொல்லோ 35 லட்சத்தில் 100 தடவைதான் வருகிறது. அப்படியென்றால் 35,000 சொற்களுக்கு ஒரு முறை, நூற்றுப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு முறை. முதல் 60-ஐ வாசிப்பே திரும்பத் திரும்பக் காட்டிக்கொடுக்கும். கடைசிச் சொற்களை ஒரு பருவம் முழுக்கப் படித்தாலும் இரண்டு மூன்று முறைதான் சந்திப்பீர்கள். 570-ஐயும் அகரவரிசையில் மனப்பாடம் செய்யச் சொல்வது எவ்வளவு வீண் உழைப்பு என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

பட்டியலுக்கு எதிர்ப்பும் வந்தது. அதில் நியாயம் இருந்தது. முதல் சல்லடையாக நின்ற வெஸ்ட்டின் பட்டியல் பழையது. அதில் இல்லாத காரணத்தாலேயே ஜாப், டீம், டேப், கம்ப்யூட்டர் எல்லாம் கல்விச் சொற்கள் என்ற பெயரில் காக்ஸ்ஹெட்டின் பட்டியலுக்குள் வந்துவிட்டன. ஜாப் என்ற சொல்லைத் தெரியாமல் இன்று கல்லூரிக்கு வரும் மாணவர் யார்? மறுபக்கம், கம்பேர், காஸ், சஜெஸ்ட் போன்றவை வெஸ்ட்டின் பட்டியலில் இருந்ததால் வெளியே நின்றுவிட்டன. ஒரு வாதத்தைக் கட்டுவதற்கு இவற்றைவிட வேண்டிய சொற்கள் குறைவு. ஆகவே இந்தப் பட்டியலைத் தெரிந்துவைத்தால் கட்டுரைக்கு வேண்டிய சொல்லெல்லாம் வந்துவிட்டது என்று நினைப்பது தவறு. 2014-இல் அமெரிக்காவின் கார்ட்னர், டேவிஸ் இருவரும் வெஸ்ட்டை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, 12 கோடி சொற்கள் கொண்ட கல்வித் தொகுப்பிலிருந்து வேறு பட்டியலையே போட்டார்கள்.

இதைவிட ஆழமான கேள்வியை 2007-இல் கென் ஹைலண்ட், பாலி ட்சே இருவரும் கேட்டார்கள். எல்லாத் துறைக்கும் பொதுவான கல்விச் சொல் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? அவர்கள் தங்கள் தொகுப்பிலும் இந்தச் சொற்களைத் தேடினார்கள். மொத்த இடம் 10 விழுக்காட்டை ஒட்டியே வந்தது. ஆனால் ஒரே சொல் துறைக்குத் துறை வேறு துணையோடும் வேறு பொருளோடும் நடமாடியது. ஸ்ட்ராட்டஜி வணிகத்தில் சந்தைப்படுத்தலோடு வரும், மொழியியலில் கற்றலோடு வரும். வால்யூம் ஓரிடத்தில் புத்தகத் தொகுதி, இன்னோரிடத்தில் கன அளவு. நம் ஹைப்பாதெசிஸும் இப்படித்தான். உளவியல் மாணவருக்கு அது புள்ளிவிவரத்தால் சோதித்து ஏற்கவோ தள்ளவோ வேண்டிய கூற்று. கணிதத்தில் ரீமன் ஹைப்பாதெசிஸ் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக நிரூபணத்துக்குக் காத்திருக்கும் ஊகம். வரலாற்றுக் கட்டுரையில் ‘என் ஹைப்பாதெசிஸ்’ என்று எழுதி, அதைச் சோதிக்கச் சான்று எதுவும் வைக்காமல் போனால் அது வெறும் அபிப்பிராயம். திருத்துகிறவர் சிவப்புக் கோடு போடுவார்.

என் தீர்ப்பு இரண்டு தரப்புக்கும் இடையில் நிற்கிறது. எந்தச் சொற்களைப் பார் என்று காட்டுவதற்குக் காக்ஸ்ஹெட்டின் பட்டியல் இன்றும் நல்ல கருவி. அந்தச் சொல் உன் துறையில் எப்படி நடக்கிறது என்பதை உன் துறை நூல்தான் காட்டும். பட்டியல் பிறந்ததே வாசிப்புக்காக. எழுத்துக்கு அதை எடுத்துச்செல்லும்போதுதான் விபத்து நடக்கிறது.

இம்ப்ளையை வைத்தே பார்ப்போம். முதலாமாண்டுக் கட்டுரைகளில் ‘இந்த வரைபடத்திலிருந்து நான் இம்ப்ளை செய்கிறேன்’ என்ற பொருளில் ஆங்கில வாக்கியம் அடிக்கடி வருகிறது. அகராதியில் ‘குறிப்பாக உணர்த்து’ என்று பொருள் பார்த்த மாணவர் யார் உணர்த்துகிறார் என்று பார்க்க மறந்துவிட்டார். இம்ப்ளைக்கு எழுவாயாக வர வேண்டியது தரவோ முடிவோ நூலாசிரியரோதான். தரவு உணர்த்துகிறது. அதைப் படித்து ஊகித்துக்கொள்கிறவர் நீங்கள். அதற்கு வேண்டிய வினை இன்ஃபர். அது பட்டியலின் ஏழாவது உட்பட்டியலில் கிடக்கிறது. மூன்றாவதோடு நிறுத்திவிட்ட மாணவருக்கு அந்தச் சொல்லே அறிமுகமாகவில்லை. அதனால் கையில் இருந்ததை வைத்துச் சமாளித்திருக்கிறார்.

வாக்கியத்தைத் திருத்த இரண்டு வழி உண்டு. எழுவாயை மாற்றி, நகரில் விலை உயர்ந்ததும் விற்பனை குறைந்தது, இது வாங்குவோர் விலையைக் கவனிக்கிறார்கள் என்று இம்ப்ளை செய்கிறது என்று எழுதலாம். அல்லது எழுவாயை அப்படியே வைத்து வினையை மாற்றி, இந்த வரைபடத்திலிருந்து நான் இன்னதை இன்ஃபர் செய்கிறேன் என்று எழுதலாம். தவறைக் கண்டுபிடிப்பதும் சுலபம். இம்ப்ளைக்குப் பின்னால் ‘ஃப்ரம்’ வந்திருந்தால் சந்தேகப்படுங்கள். ‘ஃப்ரம்’ சேர வேண்டிய இடம் இன்ஃபர். இம்ப்ளைக்குப் பின்னால் பெரும்பாலும் ‘தட்’ என்று தொடங்கும் ஒரு முழுக்கூற்று வரும்.

அனலைஸிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. ‘பற்றி ஆராய்’ என்ற தமிழ் வழக்கின் செல்வாக்கில் ‘அனலைஸ் அபௌட்’ என்று எழுதிவிடுகிறோம். அந்த வினைக்கு ‘அபௌட்’ தேவையில்லை. ஆராயப்படும் பொருளே நேராக வரும். அதோடு, கேள்வித்தாளில் அனலைஸ் என்று வந்தால் பொருளை விவரித்துவிட்டுப் போவது போதாது. பகுதிகளாகப் பிரித்து, அவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று காட்ட வேண்டும். விவரித்துவிட்டு நிறுத்திய விடைகள் மதிப்பெண் இழப்பது இங்கேதான்.

பட்டியலைக் கையில் எடுக்கப்போகும் முதலாமாண்டு மாணவருக்கு ஒரு வேண்டுகோள். பத்து உட்பட்டியல்களும் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் மூன்றை மட்டும் எடுங்கள். உங்கள் துறைப் பாடநூலில் ஒரு அத்தியாயத்தைத் திறந்து, அந்தச் சொற்கள் வரும் இடங்களில் முழு வாக்கியத்தையும் ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுவாய் எது, பின்னால் என்ன வருகிறது என்று அடிக்கோடிடுங்கள். வரிக்கு மேலே பொருள் எழுதும் பழக்கமிருந்தால் அதற்காக வெட்கப்பட வேண்டாம். எழுதிய சொற்களை வாரக்கடைசியில் ஒரு தாளில் சேர்த்து எண்ணிப் பாருங்கள். இரண்டு முறைக்கு மேல் பொருள் எழுத வேண்டியிருந்த சொல்தான் நீங்கள் முதலில் படிக்க வேண்டியது, அது எந்த உட்பட்டியலில் இருந்தாலும் சரி.